ஹாஃப் பிரிட்ஜில் மேலும் கீழும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகும், டெட் டைம் எவ்வளவு வைப்பது

"அண்ணே, திருமங்கலத்துல இருந்து எழுதுறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், 24 வோல்ட் டிசி மோட்டார் ஓட்டணும். ஊனோவோட ஒரு பிடபிள்யூஎம் பின்னை ஐஆர் 2110-ல மேல் இன்புட்டுக்கும், அதையே 7404 வழியா தலைகீழாக்கி கீழ் இன்புட்டுக்கும் கொடுத்திருக்கேன். ஐஆர்எஃப் 3205 ரெண்டு, கேட்ல 22 ஓம், 20 கிலோஹெர்ட்ஸ். மோட்டாரைக் கழட்டி வச்சாலும் 0.4 ஆம்பியர் இழுக்குது, ரெண்டும் கொதிக்குது. ரெண்டு செட் போயிடுச்சு. ஒண்ணு ஆன்னா இன்னொண்ணு ஆஃப்தானே, அப்புறம் ஏன்? டெட் டைம் எவ்வளவு வைக்கணும்?"

தம்பி, மோட்டாரைக் கழற்றிவிட்டு மின்னோட்டத்தைப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சுமையே இல்லாத ஹாஃப் பிரிட்ஜ் 24 வோல்ட்டில் சில மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்க வேலையே இல்லை. உங்களுடையது 0.4 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது பத்து வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாருக்குப் போகாத அந்த பத்து வாட், பேட்டரி பிளஸ்ஸில் கிளம்பி மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட் வழியாக நேராக மைனஸில் இறங்குகிறது. இதைத்தான் ஷூட் த்ரூ என்கிறோம்.

மதுரையில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் ஜெனரேட்டர் அறைக்குப் போய்ப் பாருங்கள், சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருக்கும். கைப்பிடி மேலே இருந்தால் ஈபி லைன், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். மேலிருந்து கீழே தள்ளும்போது அந்த நடுநிலையைத் தாண்டாமல் போகவே முடியாதபடி அதைச் செய்திருப்பார்கள். ஈபி விட்ட பிறகுதான் ஜெனரேட்டர் பிடிக்க வேண்டும். டெட் டைம் என்பது அந்த நடுநிலைதான். உங்கள் சர்க்யூட்டில் அது இல்லை. 7404 ஒரு பக்கம் 1 என்றால் மறுபக்கம் 0 என்று சொல்லும். இரண்டும் 0 என்ற நிலையை அதனால் சொல்லவே முடியாது.

"ஒண்ணு ஆன்னா இன்னொண்ணு ஆஃப்தானே" என்பது லாஜிக் சிக்னலுக்குச் சரி. மாஸ்ஃபெட்டுக்குச் சரியில்லை, ஏனென்றால் அது ஆன் ஆக எடுக்கும் நேரமும் ஆஃப் ஆக எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. கேட் என்பது ஒரு கெப்பாசிட்டர். ஐஆர்எஃப் 3205 கேட்டை முழுதாக நிரப்ப டேட்டாஷீட் சொல்லும் அதிகபட்சம் 146 நானோகூலம். அது ஆன் ஆகத் தொடங்கும் வோல்டேஜ் 2-க்கும் 4-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

இப்போது கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கிறது, கேட்டில் 12 வோல்ட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆஃப் செய்ய, 12-லிருந்து 2 அல்லது 3 வோல்ட் வரைக்கும் உள்ள சார்ஜ் அத்தனையும் 22 ஓம் வழியாக வெளியேற வேண்டும். தொடக்கத்தில் அரை ஆம்பியர் போகும். வோல்டேஜ் இறங்க இறங்க அதுவும் குறைந்துகொண்டே வரும், சராசரியாக 0.3 ஆம்பியர் என்று எடுக்கலாம். ஏறக்குறைய 130 நானோகூலம் வடிய 430 நானோ செகண்ட் பிடிக்கும். அதே நேரத்தில் மேல் மாஸ்ஃபெட்டின் கேட் 0-விலிருந்து ஏறுகிறது. அது 3 வோல்ட்டைத் தொட 20 நானோகூலம் போல இருந்தால் போதும், அப்போது ரெசிஸ்டரில் முழு அரை ஆம்பியரும் ஓடுகிறது. 40 நானோ செகண்டில் அது கடத்தத் தொடங்கிவிடும்.

ஆக, மேலே இருப்பது 40-ல் திறக்கத் தொடங்குகிறது, கீழே இருப்பது 430-ல்தான் முழுதாக மூடுகிறது. நடுவில் கிட்டத்தட்ட 400 நானோ செகண்ட் இரண்டும் திறந்திருக்கின்றன. டேட்டாஷீட்டின் அதிகபட்ச சார்ஜை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இது மேல்வரம்பு. உங்கள் கையில் உள்ள பீஸில் 300 இருக்கலாம். 7404-ன் தாமதம் 10 நானோ செகண்ட் அளவுதான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஆர் 2110-ஐச் செய்தவர்கள் ஆஃப் ஆகும் தாமதத்தை 94 நானோ செகண்ட், ஆன் ஆகும் தாமதத்தை 120 என்று கொஞ்சம் சாய்த்தே வைத்திருக்கிறார்கள். அந்த 26 நானோ செகண்ட் உங்கள் 22 ஓம் ரெசிஸ்டருக்கு முன்னால் ஒன்றுமில்லை. மேலும் இந்த ஐசி இரண்டு இன்புட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். இரண்டும் 1 என்று வந்தாலும் அப்படியே இரண்டையும் ஆன் செய்துவிடும், தடுக்காது.

அந்த 300 நானோ செகண்டில் எவ்வளவு மின்னோட்டம் ஏறும்? வழியில் உள்ள ரெசிஸ்டன்ஸை மட்டும் பார்த்தால், மாஸ்ஃபெட்டுக்கு 8 மில்லிஓம் வீதம் 16, வயருக்குக் கொஞ்சம், ஆக நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரும். அவ்வளவு தூரம் போகாமல் தடுப்பது வயரின் இண்டக்டன்ஸ். நீளத்துக்கு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி என்பது கைக்கணக்கு. டாட் போர்டில் கெப்பாசிட்டரிலிருந்து இரண்டு மாஸ்ஃபெட்டையும் சுற்றித் திரும்ப 10 சென்டிமீட்டர் என்றால் 100 நானோஹென்றி.

```
di/dt = V / L = 24 V / 100 nH = 240 A/µs
I(peak) = 240 × 0.3 = 72 A
E = 24 × (72 / 2) × 0.3 µs ≈ 259 µJ
P = 259 µJ × 40000 ≈ 10.4 W
```

20 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு மாற்றம், அதனால்தான் 40000. பத்து வாட், 24 வோல்ட்டில் 0.43 ஆம்பியர். உங்கள் மீட்டர் காட்டுவதும் அதையேதான். எண் இவ்வளவு கச்சிதமாக ஒத்துவந்ததில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. பாதி திறந்த மாஸ்ஃபெட் தானும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும், உங்கள் வயர் நீளத்தை நான் அளக்கவும் இல்லை. ஆனால் அளவு இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒன்றை ஊன்றிப் பாருங்கள். ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் 100 நானோ செகண்டாக இருந்தால் உச்ச மின்னோட்டம் 24 ஆம்பியர், இழப்பு ஒரு வாட்டுக்குச் சற்று மேல். நேரம் மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு. அதனால்தான் ஒரு போர்டு வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்து, ரெசிஸ்டரைக் கொஞ்சம் பெரிதாக்கியதும் திடீரென்று வெடிக்கிறது. இன்னொன்று, நல்ல பிசிபி போட்டு வயரைக் குறைத்து 20 நானோஹென்றிக்குக் கொண்டுவந்தால் மின்னோட்டம் ஏறும் வேகம் ஐந்து மடங்காகும். போர்டு நேர்த்தியாக ஆக, ஷூட் த்ரூவின் அடி பலமாக விழும். டாட் போர்டில் தப்பித்த சர்க்யூட் பிசிபியில் முதல் ஆனிலேயே போவதை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான்.

பத்து வாட்டை இரண்டு மாஸ்ஃபெட்டும் பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்து. ஹீட் சிங்க் இல்லாத அந்தப் பேக்கேஜ் ஒரு வாட்டுக்கு 62 டிகிரி சூடேறும். ஐந்து வாட்டுக்கு 310 டிகிரி, அதற்கு மேல் அறை வெப்பம். தாங்கும் எல்லை 175. உங்கள் இரண்டு செட்டும் போன கதை இவ்வளவுதான். இதில் ஹீட் சிங்க் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சூடேறினால் கேட் திறக்கும் வோல்டேஜ் இன்னும் கீழே இறங்கும், ஆஃப் ஆக இன்னும் நேரமாகும், அதனால் இன்னும் சூடேறும். நான் முதலில் செய்த கன்ட்ரோலர் காலையில் மேசையில் ஒழுங்காக ஓடி, மே மாத மத்தியானம் மூடிய பெட்டிக்குள் போனது. அன்றைக்கு மாஸ்ஃபெட் போலி என்று நினைத்து விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். டெட் டைமைத்தான் மிகக் குறுகலாக வைத்திருந்தேன், அவர் மேல் தப்பே இல்லை.

இனி எவ்வளவு வைப்பது. மெதுவாக ஆஃப் ஆகும் நேரத்திலிருந்து வேகமாக ஆன் ஆகத் தொடங்கும் நேரத்தைக் கழியுங்கள், டிரைவரின் இரு பக்கத் தாமத வேறுபாட்டைக் கூட்டுங்கள். 430 கழித்தல் 40, கூட்டல் 10, அதாவது 400 நானோ செகண்ட். இது விளிம்பு. சூட்டுக்கும் பீஸுக்குப் பீஸ் மாறுவதற்கும் இடம் விட்டு 1 மைக்ரோ செகண்டில் தொடங்குங்கள். குறைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஊனோவில் உள்ள சிப்பில் டெட் டைமுக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. ஆனால் டைமர் 1-க்கு இரண்டு அவுட்புட் இருக்கின்றன, அவற்றை வைத்தே செய்யலாம். 7404-ஐக் கழற்றிவிடுங்கள். பின் 9 மேல் இன்புட்டுக்கு, பின் 10 கீழ் இன்புட்டுக்கு.

```
TCCR1A = 0;
TCCR1B = 0;
OCR1A = 200;
OCR1B = 216;
TCCR1B = _BV(WGM13);
ICR1  = 400;
TCCR1A = _BV(COM1A1) | _BV(COM1B1)
       | _BV(COM1B0) | _BV(WGM11);
TCCR1B = _BV(WGM13) | _BV(CS10);
DDRB |= _BV(PB1) | _BV(PB2);
```

கவுன்ட்டர் 0-விலிருந்து 400 வரை ஏறி, மறுபடி 0 வரை இறங்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஏறி இறங்க 800 துடிப்பு, அதாவது 20 கிலோஹெர்ட்ஸ். எண்ணிக்கை 200-க்குக் கீழே இருக்கும்போது மேல் மாஸ்ஃபெட் ஆன், 216-க்கு மேலே இருக்கும்போது கீழ் மாஸ்ஃபெட் ஆன். இடையில் உள்ள 16 துடிப்பு, துடிப்புக்கு 62.5 நானோ செகண்ட் வீதம் 1 மைக்ரோ செகண்ட், இரண்டும் ஆஃப். ஏறும்போதும் இந்த இடைவெளியைத் தாண்டுகிறது, இறங்கும்போதும் தாண்டுகிறது. ஆக இரு பக்கமும் டெட் டைம் கிடைக்கிறது.

இங்கே பலர் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் மோடைப் போட்டுவிட்டு இதே இரண்டு எண்களை வைப்பார்கள். அந்த மோடில் கவுன்ட்டர் மேலே போய்ச் சட்டென்று 0-வுக்கு விழும். விழும் அந்தத் துடிப்பில் இரண்டு அவுட்புட்டும் ஒரே நேரத்தில் மாறும். ஒரு பக்கம் 1 மைக்ரோ செகண்ட், மறுபக்கம் பூஜ்யம். சூடு பாதியாகக் குறையும், முழுதாகப் போகாது. ஆள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருப்பார். ஏறி இறங்கும் மோடைத்தான் வைக்க வேண்டும்.

வேகத்தை மாற்றும்போது இன்னொரு வழுக்கல் இருக்கிறது. `OCR1A`, `OCR1B` இரண்டிலும் நீங்கள் எழுதும் எண் உடனே அமலுக்கு வராது, கவுன்ட்டர் உச்சியைத் தொடும்போதுதான் வரும். நீங்கள் ஒன்றை எழுதி மற்றதை எழுதுவதற்குள் அந்த உச்சி வந்துவிட்டால், ஒரு சுழற்சிக்குப் புதிய எண்ணும் பழைய எண்ணும் சேர்ந்து ஓடும். 200-ஐ 260 ஆக்கிவிட்டு மற்றது இன்னும் 216-லேயே நின்றால், 216-க்கும் 260-க்கும் இடையில் இரண்டும் ஆன். அது 44 துடிப்பு, கிட்டத்தட்ட மூன்று மைக்ரோ செகண்ட். ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும், மாஸ்ஃபெட் போய்விடும். இதற்கு வரிசைதான் மருந்து. கூட்டும்போது முதலில் `OCR1B`-ஐ ஏற்றுங்கள், பிறகு `OCR1A`. குறைக்கும்போது முதலில் `OCR1A`-ஐ இறக்குங்கள், பிறகு `OCR1B`. நடுவில் மாட்டினாலும் இடைவெளி அகலுமே தவிர மூடாது. எழுதும் எண்ணில் `OCR1B` 400-ஐத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் டிரைவரின் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் நிரம்புவதற்குக் கீழ் மாஸ்ஃபெட் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்ச நேரமாவது ஆன் ஆக வேண்டும்.

இரண்டு இன்புட்டுக்கும் தரைக்கும் நடுவே 10 கிலோஓம் ஒவ்வொன்று போடுங்கள். ஊனோ ரீசெட்டில் இருக்கும்போதும் புதிய ப்ரோக்ராம் ஏறும்போதும் பின்கள் அந்தரத்தில் இருக்கும், அந்த நேரத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஆஃபில் கிடக்கட்டும்.

கேட்டிலும் ஒரு திருத்தம் வேண்டும். 22 ஓமுக்கு இணையாக ஒரு 1என்4148 டயோடு, அதன் கேத்தோடு டிரைவர் பக்கம். ஆன் ஆகும்போது மின்னோட்டம் 22 ஓம் வழியாக மெதுவாகப் போகும், ஆஃப் ஆகும்போது டயோடு வழியாகச் சீக்கிரம் வடியும். 430 நானோ செகண்ட் என்பது 150, 200 அளவுக்கு வந்துவிடும். அதன்பிறகு டெட் டைமை அரை மைக்ரோ செகண்டுக்குக் குறைக்கலாம்.

"ஐஆர் 2104 போட்டால் அதுவே டெட் டைம் வைக்குமே" என்று யாராவது சொல்வார்கள். வைக்கும், 520 நானோ செகண்ட். ஆனால் அது கேட்டிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் குறைந்தபட்சம் 0.27 ஆம்பியர்தான். 130 நானோகூலம் வடிய 480 நானோ செகண்ட் ஆகும், கையில் மிச்சம் 40. சிறிய மாஸ்ஃபெட்டுக்கு அது நல்ல ஐசி, 3205-க்கு வேண்டாம். எஸ்டிஎம்32 போன்ற சிப்பில் டைமருக்குள்ளேயே டெட் டைம் எண் வைக்கலாம். 72 மெகாஹெர்ட்ஸில் `DTG` 72 என்றால் 1 மைக்ரோ செகண்ட். அங்கே மேலே சொன்ன வரிசைக் கவலை இல்லை.

அப்படியென்றால் டெட் டைமைத் தாராளமாக ஐந்து மைக்ரோ செகண்ட் வைத்துவிட்டுத் தூங்கலாமா என்றால், அதற்கும் விலை உண்டு. இரண்டும் ஆஃபில் இருக்கும்போதும் மோட்டாரின் மின்னோட்டம் நிற்காது. அது ஒரு மாஸ்ஃபெட்டின் உள்ளே உள்ள டயோடு வழியாகச் சுற்றும். 10 ஆம்பியருக்கு டயோடில் ஏறக்குறைய 1 வோல்ட் விழும், 10 வாட். சுழற்சிக்கு இரண்டு முறை 1 மைக்ரோ செகண்ட் என்றால் மொத்த நேரத்தில் 4 சதவீதம், இழப்பு 0.4 வாட். பரவாயில்லை. ஐந்து மைக்ரோ செகண்ட் என்றால் அது 2 வாட். அதோடு, அந்த நேரத்தில் அவுட்புட் மேலே நிற்குமா கீழே நிற்குமா என்பதை உங்கள் சிக்னல் தீர்மானிக்காது, மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுதான் தீர்மானிக்கும். டிசி மோட்டாரில் இது வேகத்தில் சிறு பிசகு, அவ்வளவுதான். இதே பிரிட்ஜை வைத்துச் சைன் வேவ் இன்வெர்ட்டர் செய்தால், மின்னோட்டம் திசை மாறும் இடத்தில் அலை நெளியும்.

கணக்கு சரிதானா என்று உங்கள் போர்டிலேயே பார்ப்பதற்கு ஸ்கோப் கட்டாயமில்லை. பேட்டரிக்குத் தொடராக லாரி இண்டிகேட்டருக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். எது தப்பானாலும் ஒரு ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து போகாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, இடைவெளியை 32 துடிப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே பேட்டரி மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் ஒரே எண்ணில் நிற்கும். ஏதோ ஒரு துடிப்பில் ஏறத் தொடங்கும், அடுத்ததில் பாய்ந்து ஏறும். ஏறத் தொடங்கிய இடம்தான் உங்கள் விளிம்பு, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். ஹேர் டிரையரால் மாஸ்ஃபெட்டைச் சூடாக்கி மறுபடி ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது.

கல்லூரி லேபில் ஸ்கோப் கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு ப்ரோபின் தரை கிளிப்பும் உள்ளே ஒன்றாகவே இருக்கும். மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் ஒரு கிளிப்பும் பேட்டரி மைனஸில் மற்றொன்றும் மாட்டினால், கீழ் மாஸ்ஃபெட்டை நீங்களே ஷார்ட் செய்தது போல. மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆன அந்தக் கணமே அது போய்விடும். கிளிப் இரண்டும் மைனஸிலேயே இருக்கட்டும். ஒரு ப்ரோபை மேல் கேட்டில், இன்னொன்றை மேல் சோர்ஸில் வைத்து, ஸ்கோப்பில் முதல் சேனலிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து, இடைவெளியை 32 துடிப்புக்கு ஏற்றியும் சும்மா இழுக்கும் மின்னோட்டம் குறையவே இல்லை என்றால், அது டெட் டைம் பிரச்சினை இல்லை. மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது நடுப்புள்ளி 0-விலிருந்து 24 வோல்ட்டுக்குத் தாவும். கீழ் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையே உள்ள 211 பிகோஃபேரட் வழியாக அந்தத் தாவல் கேட்டை மேலே இழுக்கும். 50 நானோ செகண்டில் தாவினால் 0.1 ஆம்பியர், அது 22 ஓமில் 2.2 வோல்ட். ஆஃபில் இருக்க வேண்டிய மாஸ்ஃபெட் 2 வோல்ட்டில் திறக்கக்கூடிய பீஸாக இருந்தால், அது தானாக எட்டிப் பார்க்கும். டெட் டைமை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் இது டெட் டைம் முடிந்த பிறகு நடக்கிறது. அந்த 4148 டயோடு இதற்கும் கொஞ்சம் உதவும். போதவில்லை என்றால் மேல் மாஸ்ஃபெட்டின் 22 ஓமை 47 ஆக்கித் தாவலை மெதுவாக்குங்கள், கீழ் கேட்டிலிருந்து டிரைவருக்குப் போகும் வயரையும் இரண்டு சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். ரெசிஸ்டரை மாற்றினால் பல்பு சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.